‘நண்பர்கள் மட்டும்’ என்று வைத்த பிறகும் வந்த விருந்தாளி

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு, என் பழைய ஆண்ட்ராய்ட் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், என் மகனுக்கு யாரோ ஒருத்தி போல மெசேஜ் அனுப்பினேன். நட்புக் கோரிக்கை ஒன்று. ‘பேசலாமா’ என்று ஒரு வரி. குரல் உரையாடலுக்கு ஓர் அழைப்பு. ஹாலில் அவனுடைய ஐபேட் மேசைமேல் கிடந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இந்த நிலைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. நடுவில் நாலு இடத்தில் தப்பு செய்தேன். அந்தத் தப்புகளுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மகன் தொடக்கநிலை 4. விளையாடுவது மைன்கிராஃப்ட், ஐபேடில். திருச்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் ஆண்ட்ராய்ட் ஃபோனில் அதே விளையாட்டு. இரண்டு பேரும் வாரத்தில் மூன்று நாள் சேர்ந்து கோட்டை கட்டுவார்கள். நம்ம இரவு எட்டு மணி என்றால் அங்கே சாயங்காலம் ஐந்தரை. அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்து முடித்திருப்பான். அது நிற்கக் கூடாது. பள்ளி நண்பர்கள் இரண்டு பேர், அதுவும் நிற்கக் கூடாது. வேறு யாரும் எழுதவோ பேசவோ சேர்க்கவோ முடியக் கூடாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இதைத் தொடங்கியதற்குக் காரணம், ஐபேடில் இருந்த எக்ஸ்பாக்ஸ் செயலியில் ஒரு நாள் கண்ட மெசேஜ்: வயது என்ன, மைக் இருக்கிறதா, தனியாகப் பேசலாமா. மகன் பதில் போடவில்லை. காட்டவும் இல்லை. நானாகத்தான் பார்த்தேன்.

முதல் நாள் செய்தது முழுக்க வீண். ஐபேடில் Screen Time உள்ளே Content & Privacy Restrictions போனால் Game Center என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் Adding Friends, Private Messaging எல்லாவற்றையும் அடைத்து, கடவு எண்ணும் போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாள் சோதித்துப் பார்த்தால் என் கோரிக்கை ஜம்மென்று போய்ச் சேர்ந்தது. விஷயம் இதுதான்: Game Center என்பது ஆப்பிளின் நண்பர் பட்டியல். மைன்கிராஃப்ட் அதைப் பார்ப்பதே இல்லை. ஐபேடில் ஓடினாலும், ஃபோனில் ஓடினாலும், அதன் நண்பர் பட்டியல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிய எக்ஸ்பாக்ஸ் பட்டியல். நான் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். (அந்தப் பூட்டைக் கழற்றவில்லை. அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.)

சோதனைக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்றதெல்லாம் குருட்டு வேலை. புதிதாக ஒரு மின்னஞ்சல், அதை வைத்துப் புதிதாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு, பழைய ஃபோனில் எக்ஸ்பாக்ஸ் செயலி. விளையாட்டை வாங்கத் தேவையில்லை. செயலியே போதும்: மகனின் பெயரைத் தேடலாம், நட்புக் கோரிக்கை அனுப்பலாம், எழுதலாம், பேச அழைக்கலாம். செலவு ஒரு காசு இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்த மூன்றையும் அனுப்பிப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு ‘வந்தது’, ‘வரவில்லை’ என்று எழுதினேன். ஒரே ஒரு விதி: சோதனைக் கணக்கு அவனுடைய பட்டியலில் ஒருபோதும் இருக்கக் கூடாது. முதல் சோதனையில் வந்த கோரிக்கையை அவன் ஆசையாக ஏற்றுக்கொண்டுவிட்டான். அப்புறம் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டு இன்னொன்று தொடங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தப்பு என்னுடையது, இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எக்ஸ்பாக்ஸ் கட்டுப்பாடுகள் account.xbox.com/settings பக்கத்தில் Privacy & online safety என்ற இடத்தில் இருக்கின்றன. பெற்றோர் தன் கணக்கில் நுழைந்தால் மேலே பிள்ளையின் பெயரும் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து அவனுக்கான அமைப்பை மாற்றலாம். எனக்கு என் பெயர் மட்டும்தான் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் குடும்பக் குழுவில் அவனைச் சேர்த்தேன். அழைப்பை அவன் மின்னஞ்சலில் ஏற்றும் ஆயிற்று. குழுப் பக்கத்தில் அவன் இருக்கிறான், இங்கே இல்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிறகு account.microsoft.com போய் அவனுடைய Your info பார்த்தேன். பிறந்த வருஷம் 1988. அது என் வருஷம். அன்றைக்கு டியூஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் கணக்கைத் திறந்தபோது கேட்டதற்கெல்லாம் என் விவரத்தையே தட்டிவிட்டிருக்கிறேன். அதனால் அவன் ஒரு பெரிய ஆள். பெரியவருடைய கணக்கைக் குடும்பத்தில் சேர்த்தாலும், இன்னொரு பெரியவர் அவருக்கு யார் எழுதலாம் என்று முடிவு செய்ய முடியாது. பிள்ளை என்று பதிவான கணக்குக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

பிறந்த தேதியைச் சரியாகப் போட்டேன். உடனே கணக்கு பெற்றோர் அனுமதி கேட்டு நின்றது. மகன் ஐபேடைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“அம்மா, என் கோட்டை போச்சா?”

போகவில்லை. ஐபேடில் அவன் கட்டிய உலகங்கள் ஐபேடிலேயே இருக்கின்றன. கணக்கு அனுமதிக்குக் காத்திருப்பதால் அவை அழிவதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்னாடியே சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். என் கணக்கிலிருந்து அனுமதி கொடுத்ததும் எல்லாம் திரும்ப வந்தது. எக்ஸ்பாக்ஸ் பக்கத்திலும் மேலே அவன் பெயர் வந்து உட்கார்ந்தது.

இப்போது சாவி கையில். பயத்தில் எல்லாவற்றையும் அடைத்தேன். `You can join multiplayer games` என்பதையும் Block. அன்று இரவு திருச்சியிலிருந்து ஃபோன்: “அத்தை, அவன் உலகத்துக்குள்ள போகவே முடியல.” அந்த வரி யாரோடு விளையாடலாம் என்று பிரித்துப் பார்க்காது. சேர்ந்து விளையாடலாமா கூடாதா, அவ்வளவுதான். அண்ணன் மகனுக்காக அதைத் திரும்ப Allow ஆக்கினேன். சல்லடை வேறு வரிகளில் இருக்கிறது.

கடைசியில் நான் நிறுத்திய இடம் இது:

```
You can join multiplayer games                      Allow
You can add friends                                 Block
Others can communicate with voice, text, or invites Friends
You can communicate outside of Xbox                 
  with voice & text                                 Block
```

மூன்றாவது வரிதான் முக்கியம். எழுத்து, குரல், அழைப்பு மூன்றும் அந்த ஒரே வரியில் அடங்கும். குரலை மட்டும் அடைத்து எழுத்தை விட இங்கே வழி இல்லை. இரண்டாவது வரியை அடைத்தால் அவன் தானாக யாரையும் சேர்க்க முடியாது. என் அனுமதி வேண்டும். அதை என் ஃபோனில் இருக்கும் Xbox Family Settings செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு சின்னச் சறுக்கல். பக்கத்தில் Privacy ஒரு தாவல், Online safety இன்னொரு தாவல். நான் ஒன்றில் மாற்றிவிட்டு, கீழே இருக்கும் Submit அழுத்தாமல் அடுத்ததற்குத் தாவினேன். முதல் தாவலில் மாற்றியது எதுவும் பதிவாகவில்லை. கைபேசித் திரையில் அந்தப் பொத்தான் ரொம்பக் கீழே இருக்கிறது. மடிக்கணினியில் செய்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இரண்டாவது, மாற்றிய பிறகு ஐபேடில் மைன்கிராஃப்டின் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். அதுவரை பழைய அனுமதியோடேயே ஓடிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க, ‘வேலை செய்யவில்லை’ என்று நல்ல அமைப்பையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, Friends என்று வைத்தாயிற்று. அப்புறம்தான் உறைத்தது: நண்பர் என்றால் யார்? பட்டியலைத் திறந்தேன். 41 பேர்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குப் பிறகு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். நானே நீக்கியிருக்கலாம், ஆனால் அவன் பட்டியல், அவன்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கேள்வி ஒன்றே ஒன்று: “இவன் முகத்தை நேரில் பார்த்திருக்கியா?” பெரும்பாலும், யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய பொது சேவையகங்களில் ஒரு ஆட்டம் சேர்ந்து விளையாடியவர்கள். ஒருவர் வைர வாள் கொடுத்தாராம். ஒருவர் பெயரில் டிராகன் இருந்ததால் சேர்த்தானாம். பன்னிரண்டு பேரை அவனுக்கே ஞாபகம் இல்லை. கோட்டைக்குக் கோபுரம் கட்டக் கற்றுக்கொடுத்த ஒருவருக்காக மட்டும் வாதாடினான்.

“அவன் கெட்டவன் இல்லம்மா.”

இருக்கலாம். அவன் யார், என்ன வயது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்றேன். கோபுரத்தை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு அவனே நீக்கினான். மிச்சம் நான்கு பேர்: அண்ணன் மகன், வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர், என் கணக்கு. காலண்டர் தாளில் மூன்று கட்டத்திலும் ‘வரவில்லை’. முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவன் கோட்டை வாசலில் ஒரு மரப்பலகை நட்டிருந்தது. மைன்கிராஃப்டில் யார் வேண்டுமானாலும் பலகை செய்து அதில் எழுதி நடலாம். அதில் ADD ME என்று எழுதி, கீழே ஒரு பெயர். பட்டியலில் இல்லாத பெயர். எழுதவும் பேசவும் வழியை அடைத்தால் வந்தவர் நேராக வீட்டுக்குள் வந்து சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குத் தூக்கம் போனது. கணக்கு அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் வைத்தபடிதான் இருந்தது. மறுநாள் அண்ணன் மகனிடம் அந்தப் பெயரைச் சொன்னதும், “அது என் ஃப்ரெண்டோட தம்பி அத்தை, என் லிஸ்ட்ல இருக்கான்” என்றான் சாதாரணமாக. அப்போதுதான் வழி தெரிந்தது.

மைன்கிராஃப்டில் ஒவ்வொரு உலகத்துக்கும் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. உலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பென்சிலைத் தொட்டு, Multiplayer பகுதிக்குப் போனால், யார் நுழையலாம் என்பதற்கு மூன்று நிலை: Invite Only, Friends Only, Friends of Friends. மகனுடைய உலகத்தில் கடைசியில் இருப்பது தேர்வாகியிருந்தது. அதாவது நண்பனின் நண்பன். நான் அவன் பட்டியலை 41லிருந்து 4 ஆக்கினேன். அண்ணன் மகனின் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அத்தனை பேருக்கும் என் மகனின் கோட்டை வாசல் திறந்து கிடந்தது. இது எக்ஸ்பாக்ஸ் பக்கத்தில் எங்கேயும் தெரியாது. கணக்கு ஒரு கதவு, உலகம் இன்னொரு கதவு.

சரிசெய்வது எளிது, ஆனால் அலுப்பு. அவனிடம் 11 உலகங்கள். பாதி வெறும் புல்வெளி, ஒன்றில் ஒரு பன்றி மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து Invite Only ஆக்கினோம். ஏதும் கட்டாத நான்கை அவன் சம்மதத்தோடு அழித்தோம். பன்றி இருந்ததை அழிக்க விடவில்லை. மொத்தம் இருபது நிமிஷம். தனியாக விளையாடும் உலகங்களில் Multiplayer Game என்ற சுவிட்சையே அணைத்துவிட்டோம். அப்போது வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இனிமேல் புது உலகம் தொடங்கும்போது இதை அவனே பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்த அமைப்பை மாற்றவிடாமல் பூட்ட எனக்கு வழி தெரியவில்லை, அதனால் மாதம் ஒருமுறை நானும் எட்டிப் பார்க்கிறேன்.

Invite Only வைத்தால் விளையாடும்போது அவன்தான் அழைப்பு அனுப்ப வேண்டும். முதல் நாள் அண்ணன் மகனுக்கு இது பிடிக்கவில்லை, “நான் என்ன வெளியாளா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இரண்டு நாளில் பழகிவிட்டது.

குரல் பற்றிக் கொஞ்சம். ஐபேடில் மைன்கிராஃப்டுக்குள் பேச வசதி கிடையாது. பேச்சு எப்போதும் வேறு ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வரும். எக்ஸ்பாக்ஸ் செயலியின் பார்ட்டி உரையாடல் மேலே சொன்ன அமைப்புக்குக் கட்டுப்படும். மற்றது கட்டுப்படாது. எது மற்றது என்று கண்டுபிடிக்க ஐபேடில் Settings, பிறகு Privacy & Security, பிறகு Microphone போய்ப் பார்த்தேன். மைக் கேட்ட செயலிகளின் பட்டியல் அது. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போட்டுக் கொடுத்த இரண்டுக்கு நடுவே, எனக்குத் தெரியாத ஒரு பேச்சுச் செயலி பச்சையாக இருந்தது. யாரோ வகுப்பில் சொல்லிப் போட்டது. எக்ஸ்பாக்ஸில் என்ன பூட்டுப் போட்டாலும் அந்தச் செயலிக்குச் சம்பந்தமில்லை. அதற்குத் தனி நண்பர் பட்டியல், தனி அமைப்பு. எடுத்துவிட்டோம். பிறகு Content & Privacy Restrictions உள்ளே Microphone பகுதியில் மாற்றம் கூடாது என்றும், செயலி நிறுவக் கூடாது என்றும் வைத்தேன். இங்கேதான் முதல் நாள் போட்ட கடவு எண் உதவியது.

எக்ஸ்பாக்ஸ் செயலியை ஐபேடிலிருந்து எடுத்துவிடலாமே என்று என் கணவர் கேட்டார். சோதனை முடிந்ததும் எடுத்தேன். ஆனால் அதை முதலிலேயே எடுத்திருந்தால் ஏமாந்திருப்பேன்: செயலி போனாலும் கணக்கு திறந்தே இருக்கும், கோரிக்கைகளும் மெசேஜும் வந்து குவிந்துகொண்டே இருக்கும். மணியைக் கழற்றினால் ஆள் வாசலில் நிற்பது நிற்காது.

பசங்க இரண்டு பேரும் பேசிக்கொள்வதற்கு இப்போது என் ஃபோனில் வாட்ஸ்அப் அழைப்பு, ஸ்பீக்கரில், ஹாலில். சிம் லிம் டவரில் 14 வெள்ளிக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கினேன். இந்த வேலை முழுவதற்கும் ஆன செலவு அது மட்டும்தான். அவன் போட்டுக்கொண்டிருந்த ஹெட்ஃபோன் என் தம்பிக்குப் போனது. நான் ரசம் தாளிக்கும்போது திருச்சியிலிருந்து “டேய் கிரீப்பர் வருதுடா” என்ற சத்தம் வீட்டுக்கே கேட்கிறது.

பொது சேவையகங்களில் மட்டும் எனக்குத் திருப்தியான முடிவு இல்லை. அவற்றில் சிலவற்றுக்கு உள்ளேயே தனி நண்பர் பட்டியல் உண்டு, அது எக்ஸ்பாக்ஸ் பட்டியலோடு சேராது. சேர்ந்து விளையாடும் அனுமதியை அடைத்தால் திருச்சியும் போய்விடும். ஆகவே அங்கே போனால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இது அமைப்பு இல்லை, வாய்வார்த்தை.

மறுபடி தொடங்குவதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் பிறந்த தேதியைப் பார்ப்பேன், பிறகு பட்டியலைச் சுத்தம் செய்வேன், அதற்கப்புறம்தான் அந்த நான்கு வரிகளைத் தொடுவேன். பட்டியலைச் சுத்தம் செய்யாமல் Friends என்று வைப்பது 41 பேருக்குச் சாவி கொடுத்த மாதிரி. உலகங்களின் அமைப்பை அதே உட்காரலில் முடிப்பேன். அண்ணன் மகனிடமும் அவன் பட்டியலைப் பற்றி முதல் நாளே பேசியிருப்பேன். அவனுக்குப் பதின்மூன்று வயது, அவன் அம்மா அப்பாவின் வேலை அது, இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

நேற்று சேர்க்க அனுமதி கேட்டு என் ஃபோனுக்கு ஒரு பெயர் வந்தது. வகுப்பில் புதிதாக வந்த பையனாம். பெயரைத் தேடினால் அதே எழுத்துகளில் மூன்று பேர். பின்னால் வரும் # குறிக்கு அடுத்த எண்கள்தான் வேறு. எது அந்தப் பையன் என்று மகனுக்கும் தெரியவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவன் அம்மாவின் எண்ணை எடுத்து, மகனின் திரையைப் படம் பிடித்து அனுப்பி, கடைசி நாலு எண் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அதுவரை கோரிக்கை அப்படியே கிடக்கட்டும்.